நகோயா குக்கரின் விவரத்தகடு: ஒரு புகைப்படத்திலிருந்து தொடங்கிய ஆய்வு

அண்ணன் மகள் ஜப்பானில் நகோயாவில் வேலை பார்க்கிறாள். ஊருக்குக் கிளம்ப எட்டு நாள் இருக்கும்போது எனக்கு ஒரு புகைப்படம் அனுப்பினாள். அப்பத்தாவுக்கு என்று ஒரு ரைஸ் குக்கர் வாங்கிவிட்டாள். சோறு வெந்ததும் தானே நின்று, சூடு மாறாமல் வைத்துக்கொள்ளும் வகை. ஏறக்குறைய ஒரு லிட்டர் அரிசி பிடிக்கும். படத்துக்குக் கீழே ஒரு வரிதான்: "சித்தப்பா, இது மதுரையில ஓடுமா? பின் மாத்துற அடாப்டர் வாங்கிட்டேன்."

நான் இருபது வருடத்துக்கும் மேலாக வீட்டுச் சாமான் ரிப்பேர் பார்க்கிறவன். இந்தக் கேள்வி சாமான் எரிந்த பிறகுதான் பெரும்பாலும் என் மேசைக்கு வரும். இந்த முறை எரிவதற்கு முன்பே வந்துவிட்டது. அதனால் பொறுமையாக உட்கார்ந்து குக்கரின் அடியில் இருக்கும் விவரத்தகட்டை வாசிக்க முடிந்தது. வெளிநாட்டிலிருந்து சாமான் கொண்டுவருகிற யாருக்கும் இதே கேள்விதான் வரும் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் படம் உதவவில்லை. ஃபிளாஷ் வெளிச்சம் தகட்டின் நடுவில் விழுந்து பாதி எழுத்தை வெள்ளையாக்கிவிட்டது. "100" தெரிந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. இந்த இடத்தில் ஊகிக்கக் கூடாது. மறைந்திருக்கும் பகுதியில் "V" என்று முடிந்திருந்தால் ஒரு பதில், "-240V" என்று தொடர்ந்திருந்தால் வேறு பதில். குக்கரின் பிளக்கைப் பிடுங்கி, உள்பாத்திரத்தை வெளியே எடுத்துவிட்டு, ஒரு துண்டின் மேல் தலைகீழாக வைத்து, ஃபிளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி திரும்ப எடுக்கச் சொன்னேன். தகட்டின் நான்கு மூலையும் படத்துக்குள் வரவேண்டும் என்றும் சொன்னேன்.

இரண்டாவது படம் தெளிவாக இருந்தது. ஜப்பானிய எழுத்துகள் நிறைய. அவற்றுக்கு நடுவே உலகம் முழுக்க ஒரே மாதிரி எழுதப்படும் மூன்று விவரங்கள் இருந்தன:

```
AC 100V
50-60Hz
640W
```

ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் `PSE` என்ற முத்திரை. இது ஜப்பானின் மின்சாதனப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த நாட்டுச் சந்தைக்கு வந்த சாமான் என்பதன் அடையாளம். சில வகைச் சாமான்களில் வட்டத்துக்குப் பதில் வைர வடிவத்துக்குள் இருக்கும். இந்த முத்திரையும் 100 வோல்ட்டும் சேர்ந்து இருந்தால் அது ஜப்பான் வீட்டுக்காகச் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். அதே கம்பெனிகள் வெளிநாட்டுக்கென்று 220 வோல்ட் குக்கர்களும் செய்கின்றன. சுற்றுலாப் பயணிகள் போகும் கடைகளில் அவை தனி அலமாரியில் இருக்கும். வாங்குவதற்கு முன்பே கேட்டிருந்தால் அந்த அலமாரியைத்தான் காட்டியிருப்பேன்.

"ஓடாதும்மா, அப்படியே சொருகக் கூடாது" என்று சொன்னதும் அவள் கேட்டது நியாயமான கேள்வி. "ஃபோன் சார்ஜர்லயும் 100னுதானே போட்டிருக்கு? அது போன தடவை மதுரையில நல்லாத்தானே வேலை செஞ்சது?" சார்ஜரையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் இருந்தது இது:

```
INPUT: 100-240V~ 50/60Hz 0.5A
```

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். சார்ஜர் 100 முதல் 240 வரை எந்த வோல்ட்டையும் ஏற்றுக்கொள்ளும். குக்கர் 100 மட்டும்தான் ஏற்கும். சார்ஜருக்கு உள்ளே இருக்கும் சர்க்யூட் வருகிற மின்னழுத்தத்துக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொண்டு, வெளியே ஒரே அளவு கொடுக்கிற வகை. சோறாக்கும் சூட்டுத்தட்டுக்கு அந்த வேலை தெரியாது. அது வெறும் கம்பிச்சுருள்.

`V` எழுத்துக்குப் பின்னால் நிற்கும் அந்த அலைக்குறி நிறையப் பேரைக் குழப்புகிறது. வோல்ட்டுக்குப் பின்னால் தனியாக நின்றால் அது மாறுமின்னோட்டம், அதாவது வீட்டுக் கரண்ட் என்று பொருள். குக்கர் தகட்டில் `AC` என்று எழுதியிருப்பதும் அதுவேதான். ஆனால் ஜப்பானிலும் சீனாவிலும் "இதிலிருந்து அதுவரை" என்பதற்கும் இதே அலைக்கோட்டை இரண்டு எண்களுக்கு நடுவே போடுகிறார்கள். ஒருவர் `100V~` என்பதை "100 வோல்ட்டிலிருந்து மேலே எவ்வளவு வேண்டுமானாலும்" என்று வாசித்துவிட்டு என்னிடம் ஒரு எரிந்த ஹேர் டிரையரைக் கொண்டுவந்தார். அலைக்குறிக்கு இரண்டு பக்கமும் எண் இருந்தால்தான் அது வரம்பு.

நூறுக்கும் இருநூற்று முப்பதுக்கும் நடுவில்

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இலங்கையிலும் அப்படித்தான். ஜப்பான் வீடுகளில் 100. இந்த வித்தியாசத்தை "இரண்டேகால் மடங்குதானே, கொஞ்சம் வேகமா வேகும்" என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. வோல்டேஜ் என்பது கரண்ட்டைத் தள்ளுகிற அழுத்தம். அழுத்தம் 2.3 மடங்கானால் அதே கம்பி வழியாக 2.3 மடங்கு கரண்ட் பாயும். அழுத்தமும் கூடி, பாய்வதும் கூடினால் சூடு இரண்டையும் பெருக்கிய அளவுக்குக் கூடும். அதாவது 5.29 மடங்கு.

```
640 W × (230 ÷ 100)² ≈ 3386 W
```

தகட்டில் போட்டிருக்கும் 640 வாட் என்பது அந்தக் குக்கரின் நிரந்தரக் குணம் இல்லை. 100 வோல்ட் கொடுத்தால் அது 640 வாட். 98 கொடுத்தால் 615 வாட். 230 கொடுத்தால், கம்பி உயிரோடு இருக்கும்வரை, 3386 வாட். தகட்டில் உள்ள வாட்டை அதே தகட்டில் உள்ள வோல்ட்டிலிருந்து பிரித்து வாசிக்கவே கூடாது.

அடுத்து அண்ணன் கேட்டது: "அப்படி அதிகமா இழுத்தா எம்சிபி விழுந்துடாதா?" விழாது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். 3386 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 14.7 ஆம்பியர். சமையலறைப் பவர் பிளக்குக்குப் போட்டிருக்கும் எம்சிபி பெரும்பாலும் 16 ஆம்பியர். அதன் பார்வையில் இது ஒழுங்கான லோடு, கெய்சர் ஓடுவது மாதிரி. எம்சிபி சுவருக்குள் இருக்கும் ஒயரைக் காப்பாற்ற வைத்தது. குக்கருக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரிய வழியில்லை.

உண்மையில் குக்கருக்குள் என்ன நடக்கும் என்பது அது எந்த வகை என்பதைப் பொறுத்தது. ஒரே ஒரு சுவிட்ச்சைக் கீழே தட்டுகிற பழைய வகையில், முழு மின்னழுத்தமும் நேரே சூட்டுத்தட்டுக்குப் போகும். உள்ளே இருக்கும் வெப்ப ஃபியூஸ் அறுந்தால் அதோடு தப்பித்தது. அது அறுவதற்குள் ஒயரின் உறை உருகியதையும் பார்த்திருக்கிறேன். கடிகாரமும் பொத்தான்களும் உள்ள வகையில், சூட்டுத்தட்டுக்கு முன்னால் ஒரு எலக்ட்ரானிக் போர்டு நிற்கிறது. கரண்ட் முதலில் அதைத்தான் தொடும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒன்று என் மேசைக்கு வந்தது. பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டதும் "பட்" என்று ஒரு சத்தம், கொஞ்சம் கருகல் வாடை, அவ்வளவுதான் என்றார் கொண்டுவந்தவர். அடிமூடியைக் கழற்றியதும் நீல நிறத்தில், பத்துப் பைசா அளவில் இருக்கும் ஒரு வட்டுதான் முதலில் கண்ணில் பட்டது. வேரிஸ்டர். மின்னல் மாதிரி திடீர் அழுத்தம் வந்தால் தன் வழியாகப் பாயவிட்டு மற்றதைக் காப்பாற்றுவதற்கு வைத்தது. நடுவில் இரண்டாகப் பிளந்து, ஒரு பக்கம் கரியாகியிருந்தது. பக்கத்தில் இருந்த கண்ணாடி ஃபியூஸின் உள்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூச்சு. ஃபியூஸ் மெதுவாக அறுந்தால் கண்ணாடி தெளிவாகவே இருக்கும். இப்படிக் கறுத்திருந்தால் பெரிய கரண்ட் ஒரே அடியில் போயிருக்கிறது என்று அர்த்தம். 230 வோல்ட் என்று நாம் சொல்வது சராசரி மாதிரியான ஒரு கணக்கு. அலையின் உச்சி 325 வோல்ட் வரை போகும். 100 வோல்ட் சாமானில் உச்சி 141தான். அந்த வேரிஸ்டரை 141-ஐ மனதில் வைத்துத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள். 325 அதற்கு விடாமல் அடிக்கிற மின்னல்.

அதன் சூட்டுத்தட்டை மல்டிமீட்டரில் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. போர்டுக்குக் கரண்ட் கொடுக்கும் சின்ன ட்ரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்று அறுந்திருந்தது. அந்தப் போர்டுக்கு இங்கே மாற்று கிடைக்கவில்லை. அவர் குக்கரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். வேரிஸ்டர் வெடித்து ஃபியூஸ் போனது அவர் அதிர்ஷ்டம் என்றே இன்றும் நினைக்கிறேன். தீ வரவில்லை.

அவள் வாங்கிவைத்திருந்த அடாப்டர் பற்றி: அது பின்னின் வடிவத்தை மட்டும் மாற்றும். உள்ளே மூன்று பித்தளைத் துண்டுகளைத் தவிர எதுவும் கிடையாது. அதைவிட ஆபத்து, ஜப்பானின் தட்டை இரண்டு பின் பிளக் நம் ஊர் ஜங்ஷன் பாக்ஸ்களில் அடாப்டரே இல்லாமல் நேரே உள்ளே போய்விடும். எல்லா நாட்டுப் பின்னும் சேரும் மாதிரி துளை போட்ட சாக்கெட்டுகள் அவை. "பின் சேருதே, அப்ப ஓடும்" என்று வீட்டில் யாருக்கும் தோன்றலாம். இந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

ஐம்பதா, அறுபதா

தகட்டின் இரண்டாவது வரி `50-60Hz`. இது அதிர்வெண், அலை ஒரு விநாடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் போய்வருகிறது என்ற கணக்கு. இந்த வரியில் நமக்குச் சிக்கல் இல்லை. இரண்டில் எது வந்தாலும் இந்தக் குக்கர் ஏற்கும், நம் ஊரில் 50.

ஆனால் ஜப்பான் சாமானில் இந்த வரியைத் தாண்டிப்போகக் கூடாது, ஏனென்றால் உலகத்தில் அரிதாகவே காணும் ஒரு பிரிவு அந்த நாட்டுக்குள் இருக்கிறது. கிழக்கே டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், மேற்கே நகோயா, ஒசாகா பக்கம் 60. டோக்கியோவில் 1895-ல் ஜெர்மனியிலிருந்து ஏஇஜி கம்பெனியின் ஜெனரேட்டர்களை வாங்கினார்கள், அவை 50. ஒசாகாவில் அடுத்த வருடம் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிடம் வாங்கினார்கள், அவை 60. அந்தப் பிளவு இன்றுவரை ஒட்டவில்லை. ஃபுஜி ஆற்றிலிருந்து வடக்கே இதோயிகாவா வரை ஏறக்குறைய ஒரு கோடு போட்டால் அதுதான் எல்லை. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு கிழக்கில் மின்சாரம் தட்டுப்பட்டபோது, மேற்கிலிருந்து மாற்றி அனுப்ப முடிந்தது சுமார் பத்து லட்சம் கிலோவாட்தான். பெருநகரம் ஒன்றின் தேவைக்கு அது எந்த மூலைக்கு? வீடு மாறுகிறவர்கள் சாமானையும் கூடவே கொண்டுபோவார்கள் என்பதால் ஜப்பானில் இப்போது பெரும்பாலான சாமான்களை இரண்டுக்கும் பொருந்தும்படி செய்கிறார்கள். பெரும்பாலான, எல்லாமும் அல்ல.

இதற்கு உதாரணம் அவள் வீட்டிலேயே இருந்தது. கிளம்புவதற்கு முன் தன் மைக்ரோவேவ் அடுப்பைத் தோழி ஒருத்திக்குக் கொடுக்க நினைத்திருந்தாள். தோழி அடுத்த மாதம் டோக்கியோவுக்கு மாறுகிறாள். நான் கேட்காமலே அதன் தகட்டையும் படம் எடுத்து அனுப்பினாள், குக்கர் பற்றிப் பேசியதில் சந்தேகம் வந்துவிட்டது போல. விலை குறைந்த வகை. அதில் `60Hz` என்று மட்டும்தான் இருந்தது.

வோல்ட் இரண்டு ஊரிலும் 100தான், பின் வடிவமும் அதேதான். இருந்தும் அந்த மைக்ரோவேவ் டோக்கியோவுக்கு ஆகாது. அந்த வகை மைக்ரோவேவுக்குள் கனமான இரும்பு ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருக்கும். அலை மெதுவானால் ஒவ்வொரு அலையிலும் இரும்புக்குள் ஏறும் காந்தம் கூடும். 60-லிருந்து 50-க்கு வந்தால் ஐந்தில் ஒரு பங்கு அதிகம். 60-க்கு என்று அளந்து போட்ட இரும்பு அதைத் தாங்காமல் நிரம்பிவிடும். அப்புறம் கரண்ட் வீணாக ஏறும், உறுமல் கேட்கும், சூடாகும். கரண்ட்டின் அலையைப் பார்த்து ஓடும் விசிறியும் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், அதாவது சூடு கூடுகிற நேரத்தில் காற்று குறையும். அலையை எண்ணி நேரம் காட்டும் பழைய மேசைக் கடிகாரம் ஒன்றை 60-லிருந்து 50-க்குக் கொண்டுபோனால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். அங்கே இழப்பு நேரம் மட்டும்தான், இங்கே ட்ரான்ஸ்ஃபார்மரே போகும்.

இதில் பயணிகளுக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. வோல்டேஜைக் குறைக்க ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம். ஹெர்ட்ஸை அது தொடவே தொடாது. 50 உள்ளே போனால் 50தான் வெளியே வரும். அதனால் தகட்டில் 60 மட்டும் போட்டிருக்கும் மோட்டார் சாமானையோ, இரும்பு ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள சாமானையோ இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டாம் என்றே சொல்வேன். அவள் மைக்ரோவேவை நகோயாவிலேயே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த மைக்ரோவேவ் தகட்டில் இன்னொன்றும் இருந்தது: இரண்டு வாட். ஒன்று 1200, இன்னொன்று 700. கடைக்காரரும் பெட்டியும் சொல்வது 700தான், அது உணவுக்குள் போய்ச் சேரும் சூட்டின் அளவு. சுவரிலிருந்து இழுப்பது 1200. இரண்டு எண் இருந்தால் ஒயரையும் ட்ரான்ஸ்ஃபார்மரையும் எப்போதும் பெரிய எண்ணை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

குக்கரை என்ன செய்வது

சரி, குக்கரைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். பிரித்துப் பயன்படுத்திவிட்டாள், கடையில் எடுக்க மாட்டார்கள். அண்ணன் ஸ்டெபிலைசர் போடலாமா என்றார். ஸ்டெபிலைசர் 180-க்கும் 260-க்கும் இடையில் அலைகிற கரண்ட்டை 230 பக்கம் நிறுத்துவதற்கு. அதன் வெளியே வருவதும் 230தான். அதுவும் ஆகாது.

விமான நிலையக் கடைகளில் உள்ளங்கை அளவில் "1600 வாட்" என்று போட்ட கன்வெர்ட்டர் கிடைக்கும். அவள் அதையும் பார்த்துவைத்திருந்தாள். அது அலையை நறுக்கிச் சராசரியைக் குறைக்கிற சின்ன எலக்ட்ரானிக் சாமான். இஸ்திரிப்பெட்டி மாதிரி வெறும் கம்பிச்சுருள் உள்ள சாமானுக்கு ஓரளவு ஓடும். ஆனால் நறுக்கிய அலையிலும் உச்சி பழைய உயரத்திலேயே நிற்கலாம். வேரிஸ்டர் என்ற அந்த நீல வட்டு பார்ப்பது சராசரியை அல்ல, உச்சியைத்தான். கடிகாரமும் போர்டும் உள்ள குக்கருக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

மிஞ்சியது இரும்பு ட்ரான்ஸ்ஃபார்மர். வீட்டில் எல்லோருக்கும் நான் நேராகவே சொன்னேன்: நாலு கிலோ குக்கருக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் ஒரு பெட்டி வேண்டும். ஊர் ஊராகப் போகிற ஒருவருக்கு இது சரிப்படாது. அப்பத்தா வீட்டுச் சமையலறையில் ஒரே இடத்தில் நிற்கப்போவதால் மட்டுமே ஒத்துக்கொண்டேன். அவள் கொண்டுவந்தாள்.

கடையில் ரெடிமேடாகக் கிடைப்பது பெரும்பாலும் 230-ஐ 110 ஆக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர். அமெரிக்கச் சாமானுக்காக விற்பது. "பத்து வோல்ட்தானே கூட" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 110 என்றால் குக்கர் 640-க்குப் பதில் 774 வாட் இழுக்கும். நம் வீட்டில் 240 வந்தால் வெளியே 115 ஆகிவிடும், அப்போது 845 வாட் பக்கம். ஜப்பானில் வீட்டுக்குக் கொடுக்கும் மின்னழுத்தம் 101-க்கு ஆறு கூடவோ ஆறு குறையவோ இருக்கலாம் என்பது சட்டம், அதாவது 95 முதல் 107 வரை. அந்த வரம்புக்குள் வாழ்நாள் முழுக்க ஓடத்தான் குக்கரைச் செய்திருக்கிறார்கள். 115 அதற்கு வெளியே. சோறு அடிப்பிடிப்பதில் தொடங்கி போர்டு போவதில் முடியும்.

அதனால் தெரிந்த வைண்டிங் கடையில் 230-க்கு 100 என்று சொல்லிச் சுற்றச் சொன்னேன். அளவு 1000 விஏ. விஏ என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் அப்படியே பெருக்கிய எண், ட்ரான்ஸ்ஃபார்மர் தாங்கும் பாரத்தை அதில்தான் சொல்வார்கள். சூட்டுத்தட்டு மாதிரிச் சாமானில் வாட்டும் விஏவும் ஏறக்குறைய ஒன்றேதான். மோட்டார் உள்ள சாமானில் விஏ கூடுதலாக இருக்கும், அங்கே இன்னும் தாராளமாக எடுக்க வேண்டும். 640-க்கு 750 போதும் என்றார் கடைக்காரர். குக்கர் அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் இழுக்கும், மதுரை வெயில் வேறு, அதனால் 1000 என்று நின்றேன்.

இன்னொன்றிலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே சுருளில் நடுவில் கம்பி எடுத்துச் செய்கிற ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர் வகை இலேசாகவும் மலிவாகவும் இருக்கும். ஆனால் அதில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான பகுதி என்றாவது அறுந்தால் 230 வோல்ட் நேரே குக்கருக்குப் போகும். இரண்டு தனித்தனிச் சுருள் உள்ள வகையில் எது அறுந்தாலும் குக்கர் நின்றுபோகும், எரியாது. வெளிப்பக்கத்தில் 8 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் போடச் சொன்னேன். குக்கரின் கணக்கு 6.4 ஆம்பியர்தான்.

வந்த அன்று மாலை அப்பத்தா வீட்டில் வைத்து அளந்தோம். சுவரில் 228 வோல்ட். ட்ரான்ஸ்ஃபார்மரில் ஒன்றும் சொருகாதபோது வெளியே 102. குக்கரில் அரிசியும் தண்ணீரும் போட்டு ஓடவிட்டதும் 98-க்கு இறங்கியது. பாரம் ஏறியதும் மூன்று நான்கு வோல்ட் இறங்குவது இயல்புதான். இருபது வோல்ட் இறங்கியிருந்தால் கம்பி மெலிசாகச் சுற்றிவிட்டார்கள் என்று திருப்பிக் கொடுத்திருப்பேன். கிளாம்ப் மீட்டர் 6.3 ஆம்பியர் காட்டியது. 98-ஐயும் 6.3-ஐயும் பெருக்கினால் 617. தகட்டின்படி 98 வோல்ட்டில் வரவேண்டியது 615. அந்தச் சின்னத் தகடு சொன்னதும் மீட்டர் சொன்னதும் இரண்டு வாட்டுக்குள் ஒத்துப்போனதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அண்ணன் மகள் காகிதத்தில் தானே பெருக்கிப் பார்த்துவிட்டு, காகிதத்தையும் மீட்டரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

இரவு பதினொரு மணிக்கு மேல் அந்தத் தெருவில் 245 வரை ஏறும். அப்போது பாரத்தோடு 105 வரும், ஜப்பானின் 107-க்கு உள்ளேதான். நாற்பது நிமிடம் கழித்து ட்ரான்ஸ்ஃபார்மர் பெட்டியின் மேல் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது, வைத்த கையை எடுக்க வேண்டியிருக்கவில்லை. சாமான் எதுவும் ஓடாதபோதும் ட்ரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கரண்ட் குடிக்கும் என்பதால், சோறாகி முடிந்ததும் சுவர் சுவிட்சை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினால் சூடு காக்கும் வசதி போய்விடுமே என்றார் அண்ணன். அப்பத்தா பதினோரு மணிக்கு வடித்துப் பன்னிரண்டுக்கு எல்லோருக்கும் பரிமாறிவிடுகிறவர், அது அவருக்குத் தேவைப்படவில்லை.

கடைசியாக அந்தப் பின். குக்கரின் தட்டைப் பிளக் பக்கத்திலேயே இருக்கும் ஜங்ஷன் பாக்ஸில் சுலபமாக நுழையும் என்று சொன்னேன் அல்லவா? கண்ணுக்கு முன்னால் சொருகிக் காட்டினேன், சுவிட்சைப் போடாமல். ட்ரான்ஸ்ஃபார்மர் தடையாக நிற்கிறது என்று யாராவது அதை நகர்த்திவிட்டு நேரே சொருகினால் இத்தனை கணக்கும் வீண். எழுதி ஒட்டலாம், ஆனால் அப்பத்தாவுக்குப் பார்வை மங்கல், வேலைக்கு வரும் பெண்ணுக்கு அவசரம். அதனால் பிளக்கை ட்ரான்ஸ்ஃபார்மரின் சாக்கெட்டில் சொருகி, அதன் மேல் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் பட்டையை வைத்து இரண்டு பக்கமும் திருகாணி போட்டு முடுக்கினேன். இப்போது குக்கரும் ட்ரான்ஸ்ஃபார்மரும் ஒரே சாமான். பிரிக்க வேண்டுமானால் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். பட்டையின் மேல் சிவப்பு மையில் பெரிதாக "100" என்று எழுதினாள் அண்ணன் மகள். அதற்குக் கீழே அப்பத்தா தன் கையாலேயே ஒரு பொட்டு வைத்தார், கை தடவிப் பார்த்தால் தெரியும்படி கொஞ்சம் தடிமனாக.